மேடையில் முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதுதான் அடுத்த வருட அறிவிப்பு

கேள்வி: "பூச்சிமருந்து கம்பெனியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் போன நவம்பரில்தான் ரீஜனல் சேல்ஸ் ஹெட் ஆனேன். ஏப்ரல் கடைசியில் கிருஷ்ணகிரியில் வருடாந்தரக் கூட்டம், 23 பேர் வருவார்கள். தொடக்க உரை நான்தான். டாப்பர்களைப் பாராட்டி, அடுத்த வருடம் எதில் கவனம் என்றும் சொல்ல வேண்டும். ஹெட் ஆபீஸ் பட்டியலில் முதல் ஆள் 120 சதவீதம். அதை அப்படியே வாசித்துவிடலாமா?"

வாசிக்காதீர்கள், இப்போதைக்கு. நீங்கள் பேச்சைப் பற்றிக் கேட்கிறீர்கள், என் கண் அந்த 120-இல்தான் நிற்கிறது. 26 வருடம் இதே தொழிலில் இருந்தேன். அதில் ஒன்பது தொடக்க உரை நானே பேசியவை. பேச்சில் சொதப்பிய வருடங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தப்பான ஆளை முதலில் கூப்பிட்ட ஒரு வருடத்தை மட்டும் இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை. அதை எண்ணோடு சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு அப்போது இரண்டு பேர் போட்டியில் இருந்தார்கள். ஒருவர் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு ஏரியா. இன்னொருவர் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளி ஏரியா. காவேரிப்பட்டணத்துக்காரருக்கு டார்கெட் 180 லட்சம், பில்லிங் 216 லட்சம். அதாவது 120 சதவீதம், உங்கள் பட்டியலில் இருப்பதைப் போலவே. பாலக்கோட்டுக்காரருக்கு டார்கெட் 150 லட்சம், பில்லிங் 147. மூன்று லட்சம் ஜாஸ்தி பில் போட்டிருந்தாலே நூறைத் தொட்டிருப்பார், போடவில்லை. நான் சந்தோஷமாக முதல் ஆளை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, ஷீல்டு கொடுத்தேன். பாலக்கோட்டுக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். நாகரிகமாகத்தான் தட்டினார்.

ஜூனுக்குள் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து 33 லட்சத்துக்குச் சரக்கு திரும்பி வந்தது. டிப்போவில் இறக்க இடமில்லாமல் வராந்தாவில் அடுக்கினோம். பாதி அட்டைப்பெட்டியில் ஒட்டின டேப் கூடப் பிரிக்கப்படவில்லை.

அப்புறம்தான் செய்ய வேண்டிய கணக்கைச் செய்தேன். வருட ஆரம்பத்தில் டீலர்களிடம் இருந்த நம் ஸ்டாக்கோடு, வருடம் முழுக்க நாம் போட்ட பில்லைக் கூட்டி, வருடக் கடைசியில் மீதி இருக்கும் ஸ்டாக்கைக் கழித்தால், விவசாயி கைக்கு உண்மையில் போனது வந்துவிடும். நம் தொழிலில் இதை லிக்விடேஷன் என்கிறோம். டீலர் கடைக்குள் தள்ளுவது பிளேஸ்மென்ட். காவேரிப்பட்டணத்தில் ஆரம்ப ஸ்டாக் 38 லட்சம், பில்லிங் 216, மார்ச் 31-இல் மீதி 79. ஆக விற்றது 175 லட்சம், டார்கெட்டில் 97 சதவீதம். பாலக்கோட்டில் ஆரம்பம் 42, பில்லிங் 147, மீதி 24. விற்றது 165 லட்சம், 110 சதவீதம். வரிசை அப்படியே தலைகீழ். பழைய ஸ்டாக்கைக் கடை கடையாகக் கரைத்துக் கொடுத்து, அதனாலேயே பில்லிங் குறைந்து நின்றவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கடையை நிரப்பினவருக்குச் சால்வை போட்டிருக்கிறேன்.

அந்த நஷ்டம் 33 லட்சத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்று மேடையில் நான் அடுத்த வருடக் கவனம் என்று ஏதோ நீளமாகப் பேசினேன்: விவசாயிக் கூட்டம், டெமோ, புதுப் பொருள் என்று. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவர்கள் பார்த்தது சால்வை யாருக்குப் போனது என்பதை. அடுத்த மார்ச்சில் என் 19 ஆட்களில் 11 பேர் கடைசி வாரத்தில் பில்லைக் கொட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அறிவித்த கவனம் அதுதான், என் வாய்தான் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தது.

ஆகவே உரையை எழுதுவதற்கு முன்னால் பட்டியலைச் சரிபாருங்கள். அந்த 120 நிஜமா என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாப்ட்வேர் ஒன்றும் வேண்டாம். மாத வாரியாகப் பில்லிங்கை எடுத்துப் பயிர்க் காலத்தோடு பக்கத்தில் வையுங்கள். கிருஷ்ணகிரியில் மா டிசம்பர், ஜனவரியில் பூக்கத் தொடங்குகிறது. தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பது பூவிலும் பிஞ்சிலும்தான், பிப்ரவரியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மே, ஜூனில் காய் மண்டிக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் போய்க்கொண்டிருக்கும். அப்படியிருக்க மார்ச் 25-க்கு மேல் தத்துப்பூச்சி மருந்து 44 லட்சத்துக்குப் பில் ஆகியிருந்தால், அது எந்தத் தோப்புக்குப் போகும்? அடுத்த டிசம்பர் வரை கடை அலமாரியில் உட்காரும். காலாவதி தேதி தாண்டின பூச்சிமருந்தை விற்பது சட்டப்படி குற்றம் என்பதால், தேதி நெருங்க நெருங்க டீலர் அதை நம் தலையில்தான் திருப்பிக் கட்டுவார். காவேரிப்பட்டணத்தின் மார்ச் பில்லிங் மொத்தம் 61 லட்சம். வருடத்தில் கால் பங்குக்கும் மேல் ஒரே மாதத்தில், அதுவும் அந்தப் பயிருக்கு மருந்து தேவையில்லாத மாதத்தில். தாள் என் மேஜையிலேயேதான் இருந்தது, நான் பார்க்கவில்லை.

தக்காளி ஏரியாவில் இந்தச் சோதனை அவ்வளவு சுலபம் இல்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் ஏதோ ஒரு வயலில் எப்போதும் தக்காளி நிற்கும், அதனால் மார்ச் பில்லிங் சந்தேகத்துக்கு உரியது என்று சொல்லிவிட முடியாது. அங்கே மண்டி விலையைப் பக்கத்தில் வையுங்கள். விலை பறிப்புக் கூலிக்கே கட்டாமல் போகும்போது விவசாயி மருந்து அடிப்பதை நிறுத்திவிடுவார், பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார். அந்த மாதத்தில் பில்லிங் ஏறியிருந்தால் சரக்கு கடையில் தூங்குகிறது என்று அர்த்தம். மறுபக்கமும் உண்டு. 2023 ஜூலை போலத் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினால் எல்லோரும் விழுந்து விழுந்து மருந்து அடிப்பார்கள். அந்த வருடம் தக்காளி ஏரியாவில் யார் இருந்தாலும் டாப்பர்தான்.

இதற்கு அடுத்தது கடையில் போய் எண்ணுவது. உங்கள் முதல் மூன்று பேருடைய டீலர்களில் பெரியவர்கள் எட்டு, பத்துப் பேர் ஆளுக்கு இருப்பார்கள். அந்த ஏரியா ஆள் எண்ணக் கூடாது, வேறு ஏரியா ஆளை அனுப்புங்கள். சொல்லாமல் அனுப்பினால் டீலர் கோபித்துக்கொள்வார், ரொம்ப முன்னால் சொன்னால் சரக்கு பக்கத்து ஊர் சின்னக் கடைக்கு நகர்ந்துவிடும். காலையில் போன் பண்ணிவிட்டு மத்தியானம் போவது சரியாக வரும். பெட்டி எண்ணிக்கையோடு பேட்ச் நம்பரையும் குறிக்கச் சொல்லுங்கள். மார்ச் கடைசியில் டிப்போவிலிருந்து கிளம்பின பேட்ச் முழுசாக அப்படியே அடுக்கி இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. சில சமயம் சரக்கு கடைக்கே வந்திருக்காது, லாரி ஆபீஸ் குடோனில் கிடக்கும். பில் மட்டும் வந்திருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த எண்ணிக்கை துல்லியமாக இருக்காது. டீலரிடமிருந்து கிராமத்துச் சப்-டீலருக்குப் போன சரக்கு விற்றதாகக் கணக்கில் வரும், அங்கேயும் அது கிடக்கலாம். ஆகவே இரண்டு பேருக்கு நடுவே வித்தியாசம் 3, 4 சதவீதம்தான் என்றால் இந்தக் கணக்கை நம்பி ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே வைக்காதீர்கள். இருவரையும் கூப்பிடுங்கள். 97-க்கும் 110-க்கும் உள்ள தூரம் எண்ணுகிறவர் தப்பில் வருவதில்லை, அதை நம்பலாம். மா ஏரியாவுக்கு இன்னொரு நியாயமும் செய்ய வேண்டும். பெங்களூரா ஓரளவு வருடா வருடம் காய்க்கும். அல்போன்சா போன்றவை ஒரு வருடம் குலுங்கினால் மறு வருடம் ஏமாற்றும். பூ இல்லாத வருடத்தில் மா ஏரியாக்காரரைத் தக்காளிக்காரரோடு ஒப்பிடாமல், அதே ஏரியாவின் முந்தைய இரண்டு வருடச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒருவருடைய விற்பனையில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு மழை என்று பிரித்துச் சொல்லும் தராசு எனக்கு 26 வருடத்தில் கிடைக்கவில்லை. அதனாலேயே நான் பிற்பாடு மேடையில் சதவீதத்தைக் குறைத்து, அந்த ஆள் என்ன செய்தார் என்பதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

பாராட்டும் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதுதான். மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. பதினோரு பேருக்கு ஷீல்டு கொடுத்தால் வாங்காத பன்னிரண்டு பேர்தான் செய்தி. ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள், அறையில் இருக்கும் மற்றவர்கள் நாளைக்கே போய்ச் செய்யக்கூடிய ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். அடுத்த வருடம் நான் பாலக்கோட்டுக்காரரை முதலில் கூப்பிட்டபோது இப்படிச் சொன்னேன்: "இவர் ஏரியாவில் போன ஜூன் மாதம் ஊசிப்புழு மருந்து ஏழு டீலர்கிட்ட தேங்கிக் கிடந்தது. இவர் என்ன பண்ணினார் தெரியுமா? புதுசா ஒரு பில்லும் போடாம, அந்த ஏழு கடையிலயும் வாங்கின விவசாயிகளோட போன் நம்பரை நோட்டுல எழுதி வாங்கிக்கிட்டு, ஒரு மாசம் தோட்டம் தோட்டமா போனாரு. பொறியில விழுந்த பூச்சியைக் காட்டி மருந்தை எடுக்க வெச்சாரு. அந்த மாசம் இவரோட பில்லிங் பூஜ்யம். நான் போன்ல திட்டினேன். தப்பு என்னுது." அவ்வளவுதான், முப்பது, நாற்பது வினாடி. அறை சட்டென்று அமைதியானது. இடைவேளையில் நான்கு பேர் அவரைச் சுற்றி நின்று அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பக்கம் பக்கமாகப் பெயர், ஊர், நம்பர், எந்த வயலில் எத்தனை நாள் செடி என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

"தப்பு என்னுது" என்ற அந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் வைத்தேன். நீங்கள் நவம்பரில் வந்தவர், உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் போட்ட சால்வையை வாங்கினவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியானால் 120 சதவீதக்காரரை என்ன செய்வது? கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நேரில் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். கணக்கைக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அவர்கள் முதலில் சொல்வது, "சார், மார்ச்ல நீங்கதானே நம்பர் கேட்டீங்க" என்பதுதான். அது உண்மையும்கூட. ஒத்துக்கொள்ளுங்கள். கம்பெனி விதிப்படி பில்லிங்குக்கு வரவேண்டிய இன்சென்டிவ் அவருக்கு முழுசாகப் போய்ச் சேரட்டும். வருடம் முடிந்த பிறகு விதியை மாற்றினால் ஒருத்தரும் உங்களை நம்ப மாட்டார்கள். மேடை மட்டும் வேறு அளவுகோலில் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் வைத்து அவருக்கு அது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. ஆளும் கெட்டிக்காரராகத்தான் இருப்பார், பத்து டீலரை ஒரே வாரத்தில் 44 லட்சத்துக்குச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா?

கவனம் என்ற பகுதிக்கு வருகிறேன். ஹெட் ஆபீஸ் ஸ்லைடில் ஐந்தாறு அம்சம் வந்திருக்கும், ஆங்கிலத்தில். அதை அடுத்த அமர்வில் யாராவது காட்டட்டும். தொடக்க உரையில் ஒன்றே ஒன்று. அதில் ஒரு எண், ஒரு தேதி, அப்புறம் எதை நிறுத்தப் போகிறோம் என்பது, இந்த மூன்றும் வேண்டும். நான் அந்த வருடம் சொன்னது இது: "அடுத்த மார்ச் 31 சாயந்திரம், உங்க ஏரியா டீலர் கடைகள்ல நம்ம சரக்கு, வருட விற்பனையில ஆறுல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாது. 180 லட்சம் விக்கிற ஏரியான்னா 30 லட்சம். அதுக்கு மேல இருந்தா மேடை கிடையாது, பில்லிங் எவ்வளவா இருந்தாலும் சரி. ஒவ்வொரு மூணு மாசக் கடைசியிலயும் பக்கத்து ஏரியா ஆள் வந்து எண்ணுவாரு. மார்ச் 20-க்கு மேல சீசன் முடிஞ்ச பொருளுக்கு நான் ஆர்டர் பாஸ் பண்ண மாட்டேன். நீங்க கெஞ்சினாலும் பண்ண மாட்டேன், என்னை மேல இருந்து கேட்டாலும் பண்ண மாட்டேன்."

கடைசி வரியைச் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆறில் ஒரு பங்கு என்றால், 79 லட்சம் தேங்கியிருக்கும் ஏரியாவில் அந்த வருடம் கிட்டத்தட்ட 49 லட்சம் பில்லிங் குறையும். விற்பனை குறையாது, பில்லிங் குறையும். முக்கியமாக ஏப்ரல் முதல் ஜூன் வரை படுத்துவிடும். இதை உங்கள் ஜோனல் ஹெட்டிடம் கூட்டத்துக்கு முன்னால், ஏரியா வாரியாக எண்ணோடு எழுதிக் காட்டி, அவர் வாயால் சரி வாங்க வேண்டும். வாங்காமல் மேடையில் வாக்குக் கொடுத்துவிட்டு, ஜூன் 28-ஆம் தேதி "இந்த ஒரு மாசம் மட்டும் பார்த்துப் பண்ணுங்கப்பா" என்று நீங்களே போன் போட்டால் எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் நீங்கள் எது சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஜோனல் ஹெட் சரி சொல்லவில்லை என்றால் அறிவிப்பைச் சுருக்குங்கள். ஆறில் ஒரு பங்கை நாலில் ஒரு பங்காக்குங்கள், அல்லது மா மருந்துக்கு மட்டும் என்று வையுங்கள். காப்பாற்ற முடிந்த சின்ன வாக்கே போதும்.

இன்சென்டிவ் சர்க்குலரையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். அதில் காசு முழுக்கப் பில்லிங்குக்கு என்று இருந்து, நீங்கள் மட்டும் மேடையில் லிக்விடேஷன் என்று பேசினால், ஆட்கள் காசு இருக்கும் பக்கம்தான் போவார்கள். எனக்கு முதல் வருடம் சர்க்குலரை மாற்ற முடியவில்லை. ஜூன் மாத ரிட்டர்னை அந்தந்த ஆளின் முந்தைய வருட இன்சென்டிவில் கழிக்க வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் அடுத்த வருடத்திலிருந்து சேர்க்க வைத்தேன். பேச்சு பாதி வேலை செய்தது என்றால், மீதிப் பாதியை அந்த வரி செய்தது. எது எவ்வளவு என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மார்ச்சில் கடைசி வாரப் பில்லைக் கொட்டினவர்கள் 11 பேரிலிருந்து மூன்று பேராகக் குறைந்தார்கள்.

நேரம் விஷயத்தில், மொத்தம் 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிமிடம் வருடம் எப்படிப் போனது, நல்லதும் கெட்டதுமாக, ரிட்டர்ன் எண்ணையும் சேர்த்து. ஏழு நிமிடம் ஆட்கள். மீதி அடுத்த வருடம். அவுட்ஸ்டாண்டிங், கலெக்‌ஷன் என்று யாரையாவது பெயர் சொல்லித் திட்டுவது தொடக்க உரையில் வேண்டாம், அதற்கு மத்தியானம் இருக்கிறது. டிப்போவில் சரக்கு இறக்குகிறவரையும் பில் போடுகிறவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கூட்டங்களில் அவர்களை மறந்துவிடுவது வழக்கமாகவே போய்விட்டது. ஓசூர் பக்கத்து ஆட்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் இருப்பார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழில் பேசினால்தான் அவர்களுக்கும் சுலபம், வாக்கியத்தை மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அளவுகள் எல்லாம் பூச்சிமருந்துக்கு உரியவை, காலாவதி தேதியும் பயிர்க் காலமும் உள்ள சரக்குக்குப் பொருந்தும். விதைக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும், முளைப்புத்திறனுக்கு உள்ள கெடு மருந்தின் கெடுவைவிடக் குறைவு. சோப்பு, பிஸ்கட் விற்கிறவர்களுக்கு ஆறில் ஒரு பங்கு என்பது இரண்டு மாதச் சரக்கு, அது அவர்களுக்கு மிக அதிகம், அவர்கள் கணக்கே வேறு.

உங்கள் கூட்டம் ஏப்ரல் கடைசி என்கிறீர்கள். உங்கள் முதல் மூன்று பேருடைய டீலர்கள் எப்படியும் முப்பது கடைக்குள்தான் இருப்பார்கள். இரண்டு பேர் நான்கு நாளில் எண்ணிவிடலாம். 120 சதவீதக்காரர் ஏரியாவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பேட்ச் நம்பரைக் கையால் எழுத வேண்டாம், பெட்டியை போட்டோ எடுத்துக்கொண்டு வரட்டும்.